112-ஆம் நாள்: நாய்க்குட்டியின் கடைசி ஊசியை எப்போது போடுவது?

டைகருக்கு மூன்று ஊசி போட்டிருந்தோம். 45-ஆம் நாள் ஒன்று, 63-ஆம் நாள் ஒன்று, 84-ஆம் நாள் ஒன்று. அட்டையில் மூன்று ஸ்டிக்கரும் ஒழுங்காக ஒட்டியிருந்தது, கீழே "முடிந்தது" என்று எழுதி ஒரு கையெழுத்தும் இருந்தது. 105-ஆம் நாள் காலையில் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மதியம் வாந்தி. மறுநாள் ரத்தக்கழிச்சல், அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மலத்தை வைத்துச் செய்த பரிசோதனையில் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்று வந்தது. நான்காம் நாள் போய்விட்டது.

அப்போது நான் நினைத்தது எல்லாரும் நினைப்பதுதான்: ஊசி போலி, அல்லது ஃப்ரிட்ஜில் ஒழுங்காக வைக்கவில்லை. அப்படியும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்து படித்து, தெரிந்த கால்நடை மருத்துவர்களிடம் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, நல்ல மருந்தை நல்ல முறையில் போட்டிருந்தாலும் அந்த மூன்று தேதிகளே போதும் மூன்றும் வீணாவதற்கு. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குட்டி வாங்கப் போகிறவர்கள், வாங்கி இரண்டு ஊசி முடித்தவர்கள், இரண்டு பேருக்கும் இது வேண்டும்.

முதலில் சீம்பால் கதை

மாடு கன்று போட்டதும் முதலில் கறக்கும் கெட்டிப் பாலைச் சீம்பால் என்கிறோம். நாய்க்கும் அது உண்டு. தாயின் உடம்பில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கு எதிராக இருக்கும் ஆன்டிபாடிகளில் மிகக் கொஞ்சம்தான், ஐந்து முதல் பத்து சதவீதம் வரை, வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குப் போகிறது. மிச்சம் எல்லாம் சீம்பால் வழியாகத்தான். அதுவும் பிறந்த முதல் நாளில்தான். குட்டியின் குடல் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே உள்ளே விடுவது முதல் சில மணி நேரம் நன்றாக நடக்கும், நேரம் போகப் போகக் குறையும், 24 மணி நேரத்தில் கதவு அடைபட்டுவிடும்.

ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளுக்கும் ஒரே அளவு கிடைப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம். முதலில் பிறந்து முட்டி மோதி நல்ல காம்பைப் பிடித்த குட்டி நிறையக் குடித்திருக்கும், கடைசியில் பிறந்த நோஞ்சான் அரைகுறையாகக் குடித்திருக்கும். அதனால் "இதோட தங்கச்சிக்கு மூணு மாசத்தோட முடிச்சாச்சு, ஒண்ணும் ஆகலை" என்ற வாதம் இங்கே செல்லாது.

இந்த ஆன்டிபாடி தாய் கொடுத்த கைமாத்து. குட்டி தானாக உற்பத்தி செய்தது இல்லை, அதனால் நாளாக ஆகக் கரையும். பார்வோவுக்கு எதிரானது ஏறக்குறைய பத்து நாளைக்கு ஒருமுறை பாதியாகிறது. டிஸ்டெம்பருக்கானது அதைவிடக் கொஞ்சம் வேகமாக. இந்தப் பத்து நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஊசி ஏன் தோற்கிறது

பார்வோ, டிஸ்டெம்பர், அடினோவைரஸ் தடுப்பூசிகளாக நாம் போடுபவை பெரும்பாலும் உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸ்கள். குட்டியின் உடம்புக்குள் போய் அவை கொஞ்சம் பெருக வேண்டும். பெருகினால்தான் உடம்பு பார்த்துக் கற்றுக்கொண்டு தன் சொந்த ஆன்டிபாடியைச் செய்யும். தாயின் ஆன்டிபாடி இன்னும் ரத்தத்தில் இருந்தால் என்ன ஆகும்? அது ஊசி வைரஸ், தெரு வைரஸ் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வந்ததைப் பிடித்து முடக்கிவிடும். ஊசி பெருகாது, குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஊசி போட்ட அன்று சாயங்காலம் குட்டி கொஞ்சம் தூங்கி வழிந்தது என்பதை வைத்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்ள முடியாது.

இங்கேதான் நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று இருக்கிறது. குட்டிக்கு மூன்று நான்கு ஊசி போடுவது ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவர் எழுப்புவது மாதிரி என்று நினைக்கிறோம். முதல் ஊசி 30 சதவீதம், இரண்டாவது 60, மூன்றாவது 100 என்று. பார்வோ, டிஸ்டெம்பரில் அப்படி இல்லை. தாயின் ஆன்டிபாடி வடிந்த பிறகு போடும் ஒரே ஒரு ஊசி பொதுவாகப் போதும். அது எந்த நாளில் வடியும் என்று யாருக்கும் தெரியாததால்தான் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்கிறோம். திறந்திருக்கும் நாளில் தட்டியது மட்டும்தான் கணக்கு. பூஸ்டர் என்ற பெயரே இந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது.

ஆக "எத்தனை ஊசி போட்டீர்கள்" என்ற கேள்விக்குப் பெரிய அர்த்தம் இல்லை. "கடைசி ஊசி எந்த வயதில்" என்று கேட்க வேண்டும். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கு, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடு, கடைசி டோஸ் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்கட்டும். 16 வாரம் என்றால் 112 நாள். நம் ஊரில் குட்டி வயதை 45 நாள், 60 நாள், 90 நாள் என்று நாளில் சொல்லித்தான் பழக்கம், அதனால் 112 என்றே வைத்துக்கொள்வோம்.

டைகரின் கணக்கு

டைகரின் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை, அதனால் கீழே வரும் எண்கள் நான் வைத்துப் பார்த்தவை. ஆனால் ஆய்வகங்களில் அளக்கும் விதம் இதுதான். பார்வோவுக்கு எதிரான ஆன்டிபாடி அளவு 80-க்கு மேல் இருந்தால் தெரு வைரஸில் இருந்து குட்டிக்குப் பாதுகாப்பு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஊசி வைரஸை முடக்குவதற்கு அவ்வளவு வேண்டாம், அது வலுவிழந்தது, அளவும் குறைவு. 20 இருந்தாலே முடக்கிவிடும் என்று வைப்போம் (இந்த எண் ஊசிக்கு ஊசி மாறும், இப்போது வரும் ஊசிகள் பழையவற்றைவிடக் கொஞ்சம் தைரியசாலிகள்).

டைகரின் தாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டிருந்தார்கள், நல்ல தீனி, நல்ல சீம்பால். டைகர்தான் அந்த ஈற்றில் குண்டுக்குட்டி. தொடக்கத்தில் அதன் அளவு 10,240 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளைக்கு ஒரு பாதி. 10-ஆம் நாள் 5,120. 20-ஆம் நாள் 2,560. இப்படியே இறங்கி 70-ஆம் நாள் 80-க்கு வரும், 90-ஆம் நாள் 20-க்கு வரும்.

இப்போது அந்த மூன்று ஊசிகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 45-ஆம் நாள் அளவு 450 பக்கம், ஊசி முடங்கியது. 63-ஆம் நாள் 130 பக்கம், முடங்கியது. 84-ஆம் நாள் 30. இந்த 30-தான் கொடுமை. தெரு வைரஸைத் தடுக்க 80 வேண்டும், அது இல்லை. ஊசியை முடக்க 20 போதும், அது இருக்கிறது. நோய் உள்ளே வரலாம், ஊசி வர முடியாது. 70-ஆம் நாளில் இருந்து 90-ஆம் நாள் வரை இருந்த அந்த இடைவெளிக்குள் மூன்றாவது ஊசி போய் விழுந்தது, அத்தோடு "முடிந்தது" என்று எழுதிவிட்டோம். 90-ஆம் நாளுக்கு மேல் குட்டிக்குத் தாயின் பாதுகாப்பும் இல்லை, தன் பாதுகாப்பும் இல்லை. 100-ஆம் நாள் வாக்கில் தெருவில் எதையோ முகர்ந்திருக்கும். உள்ளே போன வைரஸ் நோயாக வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். தேதி சரியாகப் பொருந்துகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, குட்டி விற்பவர்கள் கவனிக்க வேண்டியது. "தாய்க்கு எல்லா ஊசியும் பக்காவா போட்டிருக்கோம் தம்பி" என்று பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டியதும்தான், அந்தக் குட்டிகள் முதல் இரண்டு மாதம் பத்திரமாக இருக்கும். ஆனால் தாயின் அளவு இரண்டு மடங்கானால் குட்டியின் கதவு திறக்கும் நாள் பத்து நாள் தள்ளிப்போகிறது. நல்ல தாயின் குட்டிக்குத்தான் கடைசி ஊசி தாமதமாக வேண்டும். ஊசியே பார்க்காத தெருநாயின் குட்டிக்கு 50-ஆம் நாளே கதவு திறந்திருக்கலாம், அல்லது தாய் பார்வோவில் பிழைத்தது என்றால் அதன் குட்டியின் அளவு வானத்தில் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வழியில்லை.

தேதி போடும் முறை: பின்னாலிருந்து

பெரும்பாலும் முதல் ஊசித் தேதியை வைத்துக்கொண்டு முன்னோக்கி 21 நாள், 21 நாள் என்று கூட்டிப் போகிறார்கள். மூன்று ஊசி ஆனதும் நிறுத்திவிடுகிறார்கள். 45-ஆம் நாள் தொடங்கினால் 87-ஆம் நாள் முடிந்துவிடும். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் 112-ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

டைகருக்கு அப்புறம் வந்த மல்லிக்கு நான் போட்ட தேதிகளையே சொல்கிறேன். பிறந்தது 2024 ஜனவரி 10. அதிலிருந்து 112-ஆம் நாள் மே 1. அன்று மே தின விடுமுறை, "முந்தின நாளே வந்துடுங்க சார்" என்றார்கள். ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடாதுதான், ஆனால் இந்த ஒரு ஊசிக்கு மட்டும் நான் வைத்திருக்கும் வழக்கம், நகர்த்துவதாக இருந்தால் பின்னால்தான் நகர்த்துவது. மே 2 என்று குறித்தோம். அங்கிருந்து மூன்று வாரம் பின்னால் போனால் ஏப்ரல் 11, அது ரம்ஜான், அதனால் 12. ஏப்ரல் 11-க்கு மூன்று வாரம் முன்னால் மார்ச் 21. வளர்ப்பவர் 45-ஆம் நாள், அதாவது பிப்ரவரி 24 அன்று, பார்வோவும் டிஸ்டெம்பரும் மட்டும் உள்ள குட்டி ஊசி ஒன்று போட்டே கொடுத்திருந்தார். அதற்கும் மார்ச் 21-க்கும் 26 நாள் இடைவெளி, சரியாக இருந்தது. ஆக மொத்தம் நான்கு: 45, 71, 93, 113-ஆம் நாட்கள்.

இடைவெளி இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு ஊசி போட்டதும் உடம்பு சில நாள் உஷாராக இருக்கும், அந்த நேரத்தில் போகும் அடுத்த ஊசியை அந்த உஷாரே கெடுத்துவிடலாம். பதற்றத்தில் பத்து நாளில் இன்னொன்று போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு மேலும் இழுக்கக் கூடாது, காரணம் வேறு: கதவு திறந்த அன்றைக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையில் குட்டி வெறும் உடம்போடு இருக்கும். சுற்றிலும் பார்வோ இருக்கும் இடம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 18 அல்லது 20 வாரம் வரைகூட நீட்டிக்கலாம், மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். செலவு கூடும்தான், பார்வோ வார்டில் ஒரு வாரம் டிரிப்ஸ் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நடுவில் ஒன்று தவறிப்போனால் பதற வேண்டாம். குட்டி ஊசி எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடருங்கள், 112-ஐத் தாண்டிய ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதற்கு விதிவிலக்கு எலிக்காய்ச்சல் ஊசி. அது செத்த கிருமியால் செய்தது, அதற்கு உண்மையிலேயே இரண்டு டோஸ் சேர்ந்தால்தான் பலன், இரண்டுக்கும் நடுவே 2 முதல் 4 வாரம். ஆறு வாரத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டால் அதை மட்டும் மறுபடி இரண்டாகப் போடச் சொல்வார்கள். மல்லிக்கு மார்ச் 21-லும் ஏப்ரல் 12-லும் போட்டோம். அப்புறம் வருடத்துக்கு ஒன்று. மழைக்காலத்தில் எலி ஓடும் ஊர்களில் இதை விட்டுவிடாதீர்கள், நமக்கும் தொற்றும் நோய் அது.

வெறிநாய்க்கடி ஊசி தனிக் கதை. அதற்கும் தாயின் ஆன்டிபாடி தொந்தரவு உண்டு, அதனால் 12 வாரம் முடிந்த பிறகு ஒன்று, அடுத்தது ஒரு வருடம் கழித்து, அப்புறம் அட்டையில் எழுதியிருக்கும் தேதிப்படி. மல்லிக்கு ஏப்ரல் 12-லேயே போட்டாயிற்று. ஊசி முடியாத குட்டி கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ "குட்டிதானே" என்று விடாமல் சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வயதே பொய் என்றால்?

மேலே சொன்ன கணக்கெல்லாம் பிறந்த தேதி சரியாக இருந்தால்தான். நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நடப்பில் 30, 35 நாளிலேயே கைமாறுகிறது, விற்கும்போது "ரெண்டு மாசம்" என்பார்கள். 35 நாள் குட்டியை 60 நாள் என்று நம்பிக் கணக்குப் போட்டால் உங்கள் 112-ஆம் நாள் உண்மையில் 87-ஆம் நாள். டைகர் நின்ற அதே இடம்.

வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பல்லும் ஏறக்குறைய வந்திருக்கும், கன்னப் பக்கம் உள்ளவை உட்பட. முன்பற்கள் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன, பின்னால் ஈறு மட்டும்தான் இருக்கிறது என்றால் அது எட்டு வாரம் ஆகாத குட்டி. பின்னொரு சோதனையும் உண்டு. முன்னால் நடுவில் இருக்கும் பால் பற்கள் விழுந்து, அந்த இடத்தில் அகலமான புதிய பல் முளைப்பது மூன்றரை, நான்கு மாத வாக்கில். கடைசி ஊசிக்குப் போகும் அன்று இன்னும் எல்லாமே ஊசி மாதிரியான பால் பல்லாகவே இருந்தால், தேதியில் சந்தேகப்பட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு டோஸ் போட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். கூடுதலாக ஒன்று போடுவதால் வரும் கெடுதல் மிகச் சிறியது. வயதில் சந்தேகம் வந்தால் எப்போதும் குறைந்த வயதையே எடுத்துக்கொள்வது பத்திரம்.

தாயில்லாமல் தெருவில் எடுத்த குட்டி என்றால் சீம்பால் குடித்ததா என்றே தெரியாது. அதற்காக இருபது நாள் குட்டிக்கு ஊசி போடக் கூடாது, நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு உயிருள்ள வைரஸ் ஊசி ஆபத்து. ஆறாவது வாரத்தில் தொடங்கி மேலே சொன்னபடியே 112 வரை போக வேண்டியதுதான். 16 வாரம் தாண்டிய பிறகு முதல்முறையாக ஊசிக்கு வரும் நாய்க்குப் பாதை எளிது: கதவு எப்படியும் திறந்திருக்கும், பார்வோ, டிஸ்டெம்பருக்கு ஒன்றே பெரும்பாலும் பிடித்துவிடும், பத்திரத்துக்கு 2 முதல் 4 வாரத்தில் இன்னொன்று போடுவது வழக்கம்.

ஊசி போடும் அன்று

சிறிய குப்பியில் காய்ந்த வில்லை மாதிரி இருக்கும், இன்னொரு குப்பியில் திரவம். கலந்தவுடன் போட்டுவிட வேண்டும், கலந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுவதெல்லாம் ஆகாது. உங்கள் கண்முன்னால் கலக்கச் சொல்லுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துத் தருகிறாரா, மேஜை மேலிருந்தா என்று பாருங்கள். மருந்துக் கடையில் நீங்களே வாங்கி மே மாத வெயிலில் பாலிதீன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் அந்த வைரஸ் வழியிலேயே செத்திருக்கும். குப்பியில் இருக்கும் ஸ்டிக்கர் அட்டையில் ஏற வேண்டும், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி.

சின்னக் குட்டிதானே என்று பாதி டோஸ் போடுவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. பொமரேனியனுக்கும் கிரேட் டேனுக்கும் ஒரே முழு டோஸ்தான், எடை பார்த்துப் போடும் மருந்து இல்லை இது. பாதி போட்டால் கதவைப் பாதி கையால் தட்டுவதுதான்.

காய்ச்சல், வாந்தி, கழிச்சல் இருந்தால் அன்று ஊசி வேண்டாம், சரியானதும் போடலாம். இந்தத் தள்ளிப்போடல் பெரும்பாலும் மறதியில் முடிகிறது என்பதால் வெளியே வரும்முன்பே அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். போட்டு முடித்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்கினால், தடிப்பு வந்தால், தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடனே உள்ளே தூக்கிப் போக வசதி. ஒரு நாள் சோர்வும் ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டியும் சாதாரணம்.

செவன் இன் ஒன், நைன் இன் ஒன், லெவன் இன் ஒன் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று இல்லை. கூடும் எண்களில் பல எலிக்காய்ச்சலின் கூடுதல் வகைகள், சிலவற்றில் நாய்க் கொரோனா, அதை அந்த உலகச் சங்கம் பரிந்துரைப்பதே இல்லை. பதினொன்று இன் ஒன்றை 84-ஆம் நாளில் போட்டு நிறுத்தினால், பார்வோவில் எந்த லாபமும் இல்லை.

112 வரை குட்டியை எப்படி வைத்திருப்பது

இதுவரை படித்துவிட்டுக் குட்டியை நான்கு மாதம் அறைக்குள் பூட்டிவிடாதீர்கள். மூன்று முதல் பதினான்கு வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம், அப்போது பைக் சத்தமும் அந்நிய மனிதர்களும் பார்க்காத நாய் பின்னால் எல்லாவற்றையும் பார்த்துக் குலைக்கும், கடிக்கும். பார்வோ தரையில் இருக்கிறது, காற்றில் இல்லை. அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். கடைத்தெருவைத் தோளில் வைத்துக் காட்டுங்கள், ஊசி முழுதும் முடிந்த நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். தெருமுனை, பூங்கா, தெருநாய் மலம் கிடக்கும் காலி மனை, நாய்கள் நிறைய வரும் ஆஸ்பத்திரித் தரை, இவற்றில் மட்டும் காலை ஊன்ற விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தெருச் செருப்பை வாசலிலேயே விடுங்கள், வைரஸ் அதில் ஏறித்தான் பல வீடுகளுக்கு வருகிறது.

வீட்டில் முன்பு பார்வோ வந்திருந்தால் கதை கடினம். நிழலான மண்ணில் அது மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட இருக்கும். டெட்டாலோ ஃபினாயிலோ சானிடைசரோ அதை நம்பகமாகக் கொல்லாது. முதலில் அழுக்கைச் சுத்தமாகக் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் அங்கேயே செலவாகிவிடும். மண் தரைக்கு இது பலிக்காது. நாங்கள் டைகர் போன பிறகு ஒன்றரை வருடம் வேறு குட்டி எடுக்கவில்லை, பாதி துக்கம், பாதி இந்த மண்.

112-க்குப் பிறகு பிடித்ததா என்று எப்படித் தெரியும்

16 வாரத்திலும் எல்லாக் குட்டிகளுக்கும் கதவு திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தாயின் அளவு மிக அதிகமாக இருந்த சில குட்டிகளுக்கு அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முன்பெல்லாம் இவற்றைப் பிடிக்க ஒரு வயதில் ஒரு ஊசி போட்டார்கள், அதைத்தான் முதல் வருட பூஸ்டர் என்கிறோம். யோசித்துப் பாருங்கள், 16 வாரத்தில் தவறிய குட்டி 52 வாரம் வரை, எட்டு மாதத்துக்கு மேல், வெறும் உடம்போடு தெருவில் நடக்கிறது. அதனால் உலகச் சங்கத்தின் வழிகாட்டி 2016-லேயே அந்த ஊசியை முன்னே இழுத்து 26-ஆவது வாரத்தில் வைத்துவிட்டது. ஏற்கெனவே பிடித்த குட்டிக்கு அது எதையும் கூட்டப் போவதில்லை, தவறியதைப் பிடிக்கும் வலை அது. அதற்கு அப்புறம் பார்வோ, டிஸ்டெம்பர், அடினோவைரஸ் மூன்றுக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை.

இன்னொரு வழி ரத்தப் பரிசோதனை. கடைசி ஊசிக்கு நான்கு வாரம் கழித்து, அதாவது 20 வாரத்தில், ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு முன் எடுத்தால் தாயுடையதா குட்டியுடையதா என்று குழப்பம் வரும். இருக்கிறது என்று வந்தால் நிம்மதி. இல்லை என்று வந்தால் மறுபடி ஒரு ஊசி, மறுபடி நான்கு வாரத்தில் சோதனை. அப்போதும் இல்லை என்றால் பிறவியிலேயே அந்த வைரஸுக்குப் பதில் சொல்லாத நாயாக இருக்கலாம், பார்வோவில் ஆயிரத்தில் ஒன்று அப்படி இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நம் ஊரில் இந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது, பெரிய நகரங்களில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் 26 வார ஊசியைத் தவறவிடாமல் போட்டுவிடுவது போதும்.

மல்லிக்கு மே 2-இல் நான்காவது ஊசி முடிந்ததும் அட்டையில் வழக்கம்போல "முடிந்தது" என்று எழுதப் பேனாவை எடுத்தார்கள். ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இப்போது அந்தக் கட்டத்தில் "கடைசி குட்டி ஊசி, வயது 113 நாள்; அடுத்தது ஜூலை 10, 26 வாரம்" என்று இருக்கிறது. ஒரு வாரம் கழித்து மே 9 காலையில் முதல்முறையாகத் தெருவில் இறக்கிவிட்டேன், நேராகப் போய் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் டயரை முகர்ந்தது.